கடைசி வரியில் எந்த நாடு

எனக்குப் பேச்சு திக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால், திரும்பி வந்த ஒரு கடித உறைக்காக நான் ஏன் அப்படி அழுதேன் என்பது யாருக்கும் விளங்காது.

இப்போது எவ்வளவோ பரவாயில்லை. பள்ளியில் படிக்கும்போது, வருகைப் பதிவு எடுக்கையில் நான் வாயைத் திறந்து "ப்ரசென்ட்" என்று முடிப்பதற்குள் மிஸ் அடுத்த இரண்டு எண்களைக் கூப்பிட்டிருப்பார். வகுப்பில் கேலி செய்தவர்கள் குறைவு. எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான், அதுதான் தொந்தரவே. நான் ஒரு வார்த்தையைத் தொடங்கினால் நாலு பேர் அதை முடித்துக் கொடுப்பார்கள். பாதி நேரம் அவர்கள் முடித்தது நான் சொல்ல வந்ததாக இருக்காது. அதை மறுக்க இன்னொரு வாக்கியம் வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை? பேசாமல் தலையாட்டிவிடுவேன். கோலப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனவள் சாக்கு ஓட்டத்தில் ஓடி விழுந்தது அப்படித்தான்.

வீட்டிலும் அதே கதை. அப்பா எல்லாரையும் விட வேகம். நான் "அ" என்றால் போதும், அவர் மீதியைப் பேசிவிடுவார். பாசத்தில்தான். மகள் திணறுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பந்தியில் இலை காலியாகும் முன்பே சோறு வைக்கிற ஆளைப்போல, நான் கேட்காமலே வந்து விழும் அவர் பேச்சு.

நாங்கள் தூத்துக்குடியில், மில்லர்புரத்தில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. கிடங்கில் அடுக்கியிருக்கும் அட்டைப் பெட்டிகள் கன்டெய்னருக்குள் ஏறுவதற்கு முன்னால், ஒவ்வொரு பெட்டியின் மேலும் உள்ள எழுத்து காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். வாங்குகிறவர் பெயர், இறங்க வேண்டிய துறைமுகம், பெட்டி எண், எல்லாவற்றுக்கும் அடியில் கொட்டை எழுத்தில் இந்தியச் சரக்கு என்கிற வரி. எழுத்து மங்கியிருந்தால் தடித்த மார்க்கர் பேனாவால் அவரே எழுதிவிடுவார். அச்சடித்த மாதிரி இருக்கும் அவர் கையெழுத்து. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருக்க வேண்டியதுதான்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஒரு காரியம் செய்தார். பின்லாந்து நாட்டில் ஒரு பள்ளியோடு பேசி, அங்கே ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களுக்கும் எங்களுக்கும் கடிதப் பழக்கம் ஏற்படுத்தினார். ஆளுக்கு ஒரு ஜோடி. போன் எண் கூடாது, மின்னஞ்சல் கூடாது, தாளில் கையால் எழுத வேண்டும் என்பது இரண்டு பள்ளிகளும் சேர்ந்து வைத்த விதி. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் முடிகிற வேலைக்கு இத்தனை பாடா என்றார்கள். நான் மட்டும் உள்ளுக்குள் குதித்தேன். போனில் பேசச் சொல்லியிருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.

எனக்குக் கிடைத்தவள் ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருந்தாள். முதல் கடிதத்தில் நான் எங்கள் ஊர் உப்பளத்தைப் படம் வரைந்து அனுப்பினேன். உங்கள் ஊரிலும் இவ்வளவு பனி பெய்யுமா என்று கேட்டு எழுதினாள். அது உப்பு, எங்கள் ஊரில் பனி கிடையாது, வேர்வைதான் உண்டு, அதுவும் உப்புதான் என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவளும் அவள் அம்மாவும் சிரித்தார்களாம். நான் சொன்ன ஒன்றைக் கேட்டு ஒருத்தி முழுசாகச் சிரித்தது எனக்கு அதுதான் முதல் தடவை. வழக்கமாக என் நகைச்சுவை பாதியிலேயே செத்துப்போகும்.

அதன் பிறகு பிடித்துக்கொண்டது. அவளுக்கு நான் வாயாடி. பக்கம் பக்கமாக எழுதுவேன். எதிர்வீட்டு அம்மாவின் சண்டை, ரோச் பூங்காவில் பட்டாணி வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து உட்காருவது, மணப்பாடு கோயில் திருவிழாவுக்குப் போய் மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்தது, எல்லாம். திக்குவாய் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மறைத்தேன் என்று கூடச் சொல்ல முடியாது. அந்தத் தாள்களில் இருந்தவளுக்குத் திக்குவாய் இல்லை, அவ்வளவுதான்.

கடிதங்களையெல்லாம் மிஸ்ஸே சேர்த்து ஒரே பெரிய உறையில் போட்டு அனுப்புவார். அங்கிருந்தும் அப்படியே ஒரு கட்டாக வரும். அதனால் எங்களில் ஒருவருக்கும் வெளிநாட்டுக்கு உறை எழுதத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமே வரவில்லை.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கிய சமயம், மிஸ் ஒரு கட்டோடு வகுப்புக்கு வந்தார். இதுதான் பள்ளி வழியாக வரும் கடைசிக் கட்டு என்றார். அவர் கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல், அவரும் போகிறார். எங்களுக்கு அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு, இனிமேல் இதற்கெல்லாம் நேரம் தரமாட்டார்கள். பள்ளி முகவரிக்கு இனிக் கடிதம் வந்தால் அது அலுவலக அலமாரியில்தான் கிடக்கும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். தொடர்ந்து எழுத விருப்பம் உள்ளவர்கள், பெற்றோர் கையெழுத்தோடு வீட்டு முகவரியை மாற்றிக்கொள்ளலாம். அங்கே உள்ள பிள்ளைகள் முந்திக்கொண்டு, தங்கள் வீட்டு முகவரியை இந்தக் கட்டிலேயே அனுப்பிவிட்டார்கள். நாங்கள்தான் எங்கள் முகவரியை அவரவர் வீட்டிலிருந்து தனித்தனி உறையில் அனுப்ப வேண்டும்.

அவள் கடிதம் அரைப் பக்கம்தான். அவள் அம்மா கையெழுத்து போட்டிருந்தார். நடுவில் கட்டம் கட்டி முகவரி. பெயர், தெரு, வீட்டு எண், அடுத்த வரியில் ஐந்து இலக்க எண்ணும் ஊர்ப் பெயரும், கடைசியில் 'சுவோமி' என்று இங்கிலீஷ் எழுத்தில். அது அவர்கள் மொழியில் அவர்கள் நாட்டின் பெயர் என்று முன்பே ஒரு கடிதத்தில் சொல்லியிருந்தாள். கட்டத்துக்குக் கீழே குறிப்பு: "உறையில் கடைசி வரியில் நாட்டின் பெயர் தனியாக, பெரிய எழுத்தில், உங்கள் ஊர்த் தபால்காரர்களுக்குத் தெரிந்த மொழியில் இருக்க வேண்டும்." அதற்கும் கீழே, பேனாவை அழுத்தி எழுதியிருந்தாள். மே மாதம் பள்ளி முடிந்ததும் அவளும் அம்மாவும் இந்த வீட்டைக் காலி செய்கிறார்கள். புது வீடு எங்கே என்று இன்னும் தெரியவில்லை. "அதற்கு முன்னால் உன் முகவரி வந்துவிட்டால், எங்கே போனாலும் அங்கிருந்து நான் எழுதுவேன். வராவிட்டால் உன்னை எங்கே தேடுவது?"

கணக்கு எளிதுதான். என் முகவரி மே முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அவளுக்கு நான் இல்லை, எனக்கு அவள் இல்லை.

அம்மாவிடம் கையெழுத்து வாங்கவே இரண்டு நாள் ஆனது. "முகம் தெரியாத பிள்ளைக்கு வீட்டு அட்ரஸ எதுக்குக் குடுக்கணும்?" என்றார். அவள் எழுதிய ஐந்து கடிதங்களையும் மேஜையில் பரப்பி வைத்தேன். பேசி வாதாடும் திறமை இல்லாதவளுக்கு இதுதான் வழி. அம்மா ஒன்றைப் படித்தார், இன்னொன்றைப் படித்தார், கையெழுத்து போட்டார்.

ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் காலை, உறையை எழுத உட்கார்ந்தேன். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் பென்சிலால் லேசாக எழுதிப் பார்ப்பதைக் கண்டதும் அருகில் வந்து உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டு முகவரி எழுதுவது அவர் தொழில். அதில் அவர் மகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தால் எப்படித் தாங்குவார்?

"கொண்டா இங்கன. நான் எழுதுதேன்," என்றார்.

அவள் குறிப்பைக் காட்டினேன். படித்தார். "கடைசி வரியில நாட்டுப் பேரு தனியா, பெரிய எழுத்துல. சரியாத்தான் சொல்லியிருக்கு பிள்ள. நம்ம பெட்டியிலயும் அப்படித்தான்," என்றார். பேனாவை எடுத்தார். மூலையில் எங்கள் வீட்டு முகவரி, நடுவில் அவள் பெயர், தெரு, எண், ஊர் எல்லாம் முத்து முத்தாக வந்தன. சுவோமி என்பதை ஏதோ மாவட்டம் என்று நினைத்துக்கொண்டார். ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலேயே சுவோமி, பின்லாந்து என்று சின்ன எழுத்தில் ஒரே வரியில் அடக்கினார். பிறகு கொஞ்சம் இடம் விட்டு, பைக்குள் இருந்து மார்க்கரை எடுத்து, அடியில் தனியாக ஒரு வரி எழுதினார். இந்தியா.

எனக்கு அது தப்பு என்று பட்டது. உறுதியாகத் தெரியாது, ஆனால் பட்டது. "அப்பா, அ... அந்த நா... நா..." என்று தொடங்கினேன்.

"நாட்டுப் பேருதான? எழுதியாச்சுளா. கப்பல் ஏறுத சரக்கு எதுலயும் அடிவரி நம்ம நாடுதான். எங்கயிருந்து வந்துச்சுன்னு பாத்த உடனே தெரியணும்லா," என்றார். நான் தலையாட்டினேன். பழக்கம். அவரே போகிற வழியில் கவுன்டரில் கொடுத்து, வெளிநாட்டுக்கு என்று சொல்லித் தபால்தலை வாங்கி ஒட்டி, பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு நான் நாள் எண்ணினேன். ஒரு வாரம், இரண்டு வாரம். இந்நேரம் போயிருக்கும், அவள் படித்திருப்பாள், பதில் எழுதிக்கொண்டிருப்பாள். மே பாதி கழிந்து ஒரு மத்தியானம், உப்பு லாரிகள் கிளப்பிய புழுதியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தபால்காரர் அண்ணாச்சி சைக்கிளை நிறுத்தினார். நான் வாசலுக்கு ஓடினேன். அவர் கையில் இருந்தது எங்கள் உறையேதான்.

உறை ஊரெல்லாம் சுற்றிக் களைத்திருந்தது. மூலை மடங்கி, மேலே வெவ்வேறு ஊர் முத்திரைகள். அந்த ஐந்து இலக்க எண்ணைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் 'பின்கோடு?' என்று ஒரு கேள்வி. முகவரி சரியில்லை, அனுப்பியவருக்கே திருப்புக என்று ஒரு முத்திரை. நாட்டின் எல்லையையே அது தாண்டவில்லை.

நான் அழுதேன். சின்னப் பிள்ளைபோல, வாசல்படியில் உட்கார்ந்து. அம்மா வந்து என்ன என்று கேட்டபோது ஒரு எழுத்துகூட வரவில்லை. எனக்குக் கோபம் யார்மேல் என்றுகூடத் தெரிந்திருந்தது. அப்பாமேல். அதைவிட அதிகமாக, தலையாட்டிய என்மேல்.

அம்மா போன் செய்து சொன்னதும் அப்பா அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. "எவ்வளவு தெளிவா எழுதியிருக்கேன், எழுத்து வாசிக்கத் தெரியாத பயலுவளா இருக்கானுவ. வா, கேட்டுருவோம்," என்று என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு அஞ்சலகத்துக்குப் போனார். இன்னொரு தாளில் என் முகவரியும் கடிதமும் புதிதாக எழுதி நான் பையில் வைத்திருந்தேன். கிளம்பும் முன்பே எழுதிவிட்டேன். சண்டையில் யார் ஜெயித்தாலும் கடிதம் போயாக வேண்டும்.

கவுன்டரில் ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா உறையை வைத்துவிட்டு மூச்சு விடாமல் பேசினார். இருபது வருடமாக வெளிநாட்டுச் சரக்கு அனுப்புகிற ஆள் நான், எனக்கா முகவரி எழுதத் தெரியாது என்பதுதான் சாரம். அந்த அம்மா குறுக்கே பேசவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையைப் பார்த்தார்.

"இது யாரு எழுதுன லெட்டர் அண்ணாச்சி?"

"என் மகளோடது."

"அப்ப அவகிட்டயே கேக்கேன். இது எங்க போகணும்மா?"

அப்பா வாயைத் திறந்தார். அந்த அம்மா ஒரு விரலைத் தூக்கினார், அவ்வளவுதான். "பிள்ள சொல்லட்டும் அண்ணாச்சி."

எனக்குப் பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் இருந்த பாரத்தை மாற்றிப் பிடித்தார். "பி" என்ற எழுத்து எனக்கு எப்போதுமே எதிரி. "பி... பி..." என்று நின்றது. பின்லாந்து என்று எல்லாருக்கும் தெரியும், உறையிலேயே சின்ன எழுத்தில் இருக்கிறது. அந்த அம்மா அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "பையச் சொல்லும்மா, அவசரமில்ல," என்றார். வரிசையில் இருந்த யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. அப்பா கவுன்டர் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"பின்லாந்து," என்றேன் ஒருவழியாக.

"சரி. பின்லாந்து." அவர் உறையை என் பக்கம் திருப்பி வைத்து, அடிவரியில் விரலை வைத்தார். "வெளிநாட்டுக் கவர நாங்க கீழயிருந்து மேல வாசிப்போம். இங்கன பிரிக்குத ஆளுக்கு அந்தப் பிள்ள பேரு வேண்டாம், தெரு வேண்டாம். எந்த நாட்டுக்குப் போற பையில போடணும்ங்கிற ஒண்ணுதான் வேணும். அதுக்குத்தான் கடைசி வரி. அங்க இந்தியான்னு இருந்தா, உள்ளூருன்னு நெனச்சு உள்ளூர்ப் பையில போட்டாச்சு. அப்புறம் ஆறு இலக்கம் எங்கன்னு தேடியிருக்காங்க. கெடைக்கல."

அப்பா, "பெட்டியில எல்லாம் எங்க நாடுதான மேடம் அடியில..." என்று இழுத்தார். குரல் பாதியாகியிருந்தது.

"பெட்டிக்குக் கூடவே காகிதம் ஒரு கட்டுப் போகும்லா அண்ணாச்சி. இதுக்கு உறைதான் காகிதம், வேற ஒண்ணும் கெடையாது. நம்ம நாடு, நம்ம அட்ரசுக்கு அடியில. அவுக நாடு, அவுக அட்ரசுக்கு அடியில."

அதற்குப் பிறகு சுவோமியைக் காட்டி இது என்ன ஊர் என்று என்னிடம்தான் கேட்டார். அது அவர்கள் மொழியில் பின்லாந்து என்று திக்கித் திக்கிச் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "அந்தப் பேரு இங்க யாருக்கும் தெரியாது. அவ ஊருக்குள்ள போறதுக்கு அது சரி. இங்கேருந்து வெளிய போறதுக்கு நமக்குத் தெரிஞ்ச பேருதான் வேணும். அதத்தான் அந்தப் பிள்ளையும் எழுதியிருக்கும்." உண்மை. அதைத்தான் அவள் எழுதியிருந்தாள். எந்த நாடு என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாள். அதில் ஒருவருக்குச் சந்தேகம் வரும் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது.

புது உறை ஒன்றை வாங்கிக்கொண்டு பக்கத்து மேஜையில் உட்கார்ந்தோம். பேனாவை அப்பா என் கையில் கொடுத்தார். பெறுபவர் முகவரியை நடுவில் எழுதினேன். சுவோமியை விட்டுவிட்டேன். கடைசி வரியில் தனியாக, இங்கிலீஷ் பெரிய எழுத்தில், பின்லாந்து. அனுப்புநர் முகவரியை இடது மேல் மூலையில் சின்னதாக எழுதி, அதன் அடியில் இந்தியா. அப்போதுதான் உள்ளே இருந்த கடிதத்தில் ஒரு ஓட்டையைக் கவனித்தேன். அவள் பார்த்து எழுதுவதற்காகக் கொடுத்திருந்த எங்கள் வீட்டு முகவரி, தூத்துக்குடி, பின்கோடு, தமிழ்நாடு என்று முடிந்திருந்தது. எத்தனை விண்ணப்பம் பூர்த்தி செய்திருக்கிறேன், எங்கள் முகவரிக்கு அடியில் இந்தியா என்று ஒருநாளும் எழுதியதில்லை. எழுத வேண்டிய தேவை உள்ளூர்க்காரருக்கு இல்லை. அதை அவள் அப்படியே பார்த்து எழுதியிருந்தால், அவள் கடிதம் அந்த ஊரிலேயே சுற்றியிருக்கும். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

உறையை ஒட்டப் போனபோது அப்பா, "இரு," என்றார். ஒரு துண்டுத் தாளைக் கிழித்து, பெட்டியில் எழுதும் எழுத்தில், அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டு வரி எழுதி என்னிடம் காட்டாமல் உள்ளே வைத்தார். நானும் கேட்கவில்லை.

வேகமாகப் போக வழி உண்டா என்று கேட்டார். ஸ்பீட் போஸ்ட் உண்டு, ஆனால் வாங்குகிறவர் போன் எண் கேட்பார்கள், வீட்டில் ஆள் இருந்து கையெழுத்தும் போட வேண்டும் என்றார் அந்த அம்மா. எண் எங்களிடம் இல்லை. அவர்கள் வீட்டில் எப்போது ஆள் இருக்கும் என்றும் தெரியாது. சாதாரண விமானத் தபால் என்றால் இரண்டு மூன்று வாரம், முன்னே பின்னே ஆகும். மே முடிய அவ்வளவு நாள் இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும். "போட்டு வையிம்மா. போடாத கடுதாசிதான் போய்ச் சேராது," என்று தபால்தலையைக் கிழித்துக் கொடுத்தார் அவர்.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது அப்பா, "அன்னைக்கு நீ சொல்ல வந்தது இதானே?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். வழியில் இரண்டு சர்பத் வாங்கினார். என் கோபம் அங்கேயே போய்விட்டது. தன் தொழிலிலேயே பத்துப் பேர் முன்னால் தோற்றுப்போய், மகள் சொல்லி முடிக்கட்டும் என்று பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள்மேல் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? இன்றுவரை அந்தக் கவுன்டர் அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. அவரை நினைக்காமல் நான் ஒரு உறைகூட எழுதியதில்லை.

மே போனது. ஜூன் போனது. பத்தாம் வகுப்பு தொடங்கி, சனிக்கிழமையும் வகுப்பு வைத்தார்கள். மற்ற பிள்ளைகளில் மூன்று பேருக்குப் பதில் வந்திருந்தது. எனக்கு இல்லை. அப்பா தினமும் வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றும் முன்பே அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மா இல்லை என்று தலையை அசைப்பார். நான் பார்க்கவில்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள். வெறும் கடிதம்தானே, போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வெறும் கடிதம் இல்லை. என்னை வாயாடி என்று நினைத்த ஒரே ஆள் அவள்.

ஜூலை கடைசியில், பனிமய மாதா கோயில் கொடியேற்றத்துக்கு ஊரே சேர்ந்திருந்த வாரத்தில் அவள் பதில் வந்தது. தடித்த உறை. அடியில் தனி வரியில், கொட்டை எழுத்தில், இரண்டு முறை அடிக்கோடிட்டு இந்தியா. நான் படித்துவிட்டு, அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். நாலு பக்கத்தை வாசிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

என் கடிதம் அவர்கள் வீடு மாறிப்போன பிறகுதான் போயிருக்கிறது. எட்டு நாள் தாமதம். அவள் அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டதால் அவளும் அவள் அம்மாவும் வேறு ஊருக்குப் போக வேண்டியதாகிவிட்டது என்று இப்போதுதான் சொன்னாள். முன்பு எழுதக் கை வரவில்லையாம். "உன் அப்பாவின் தாளை அம்மாவிடம் காட்டினேன்," என்று எழுதியிருந்தாள். அதில் அப்பா எழுதியிருந்ததை அப்படியே எடுத்தும் எழுதியிருந்தாள்: தாமதத்துக்குக் காரணம் நான், என் மகள் இல்லை, அவள் சரியாகத்தான் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. "ஒரு அப்பா இப்படி எழுதி அம்மா பார்த்ததே இல்லையாம்." அப்பா அந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

காலி செய்த வீட்டுக்குப் போன கடிதம் அவளுக்கு எப்படிக் கிடைத்தது என்பது கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவர்கள் ஊரில் தபால்காரர் கடிதத்தை வீட்டுக் கதவில் உள்ள துவாரம் வழியாக உள்ளே போட்டுவிடுவாராம். மே மாதம் முழுக்கத் தினமும் பள்ளி விட்டு வந்து கதவின் உள்ளே தரையைப் பார்த்திருக்கிறாள். சாமான்களை வண்டியில் ஏற்றிய நாளிலும் வரவில்லை. புது முகவரி அதற்குள் தெரிந்துவிட்டதால், அதை ஒரு தாளில் எழுதி, அடுத்துக் குடிவருபவர் கண்ணில் படும்படி கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். முன்பின் தெரியாத யாரோ குடிவந்து, தரையில் விழுந்த என் உறையைப் பார்த்து, பழைய முகவரியை அடித்துப் புதியதை எழுதித் தபால்பெட்டியில் போட்டிருக்கிறார். அந்த மனிதருக்கும் நான் இந்த இடத்தில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

கதவில் ஒட்டிய தாளில் என்ன எழுதினாள் என்பதையும் சொல்லியிருந்தாள். அந்த இரண்டு வரியை வாசிக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. அப்பா ஒரு வார்த்தைகூட எடுத்துக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்தியாவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வரும். தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். அவளுக்கு நேரம் ஆகும், ஆனால் அவள் நிச்சயம் எழுதுவாள்."